குடல்புண்ணில் ரத்தம் கசிந்து அட்மிட் ஆன கிளெய்மை ரிஜெக்ட் செய்துவிட்டார்களா? மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுவது இப்படி

என் மாமாவுக்கு வயது 58. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி, டீ குடிப்பது மாதிரி தினமும் போட்டுக்கொண்டிருந்தவர். 2025 பிப்ரவரியில் இரண்டு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது, மூன்றாவது நாள் நடுராத்திரி எழுந்து நிற்க முடியாமல் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுகுடலின் தொடக்கத்தில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. எண்டோஸ்கோப்பி, ஐசியு, இரண்டு யூனிட் ரத்தம், நான்கு நாள், மொத்த பில் 1,42,650 ரூபாய். கேஷ்லெஸ் கிடைக்காததால் கையில் இருந்து கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டோம்.

ஏப்ரலில் பதில் வந்தது. நோயாளி முக்கியமாகப் பரிசோதனைக்காகவே சேர்க்கப்பட்டிருக்கிறார், எண்டோஸ்கோப்பி புறநோயாளியாகவே செய்யக்கூடியது, ஆகவே பாலிசியின் Excl04 விதிப்படி கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான், மூன்று வரி. மாமா படித்துவிட்டு "விடு மாப்ள, அவனுங்க குடுக்க மாட்டானுங்க" என்று கடிதத்தை மடித்து பில் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார். நான் விடவில்லை. அப்போது எழுதிய கடிதத்தையும், அதற்கு முன் செய்த வேலைகளையும்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கடிதம் எழுதுவது கடைசி அரை மணி நேர வேலை. அதற்கு முன் ஒரு வாரம் காகிதம் சேர்க்க வேண்டும்.

முதலில், எந்த விதியைச் சொல்லி மறுத்தார்கள் என்று பாருங்கள்

ரிஜெக்ஷன் கடிதத்தில் ஒரு விதி எண் இருக்கும். இல்லையென்றால் அதைக் கேட்டே ஒரு மெயில் போடுங்கள். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலர், பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டுத்தான் கிளெய்மை மறுக்க வேண்டும் என்கிறது. அதோடு, நிறுவனத்தின் கிளெய்ம் ரிவ்யூ கமிட்டி ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டும் பின்னால் கடிதத்தில் பயன்படும்.

கடிதம் யாருடைய லெட்டர்ஹெட்டில் வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். டிபிஏ எனப்படும் இடைநிறுவனம் காகிதத்தைச் சரிபார்க்கலாம், மறுக்கும் முடிவை எடுக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனம். டிபிஏ மெயில் மட்டும்தான் வந்திருக்கிறது என்றால், நிறுவனத்தின் முடிவை எழுத்தில் வாங்குங்கள். கேஷ்லெஸ் மறுத்ததும் கிளெய்ம் மறுத்ததும் ஒன்றல்ல. கேஷ்லெஸ் கிடைக்காவிட்டாலும் பில்களோடு கிளெய்ம் போடலாம். இதைத் தெரியாமல் அந்த இடத்திலேயே விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் பாலிசியின் முழு வாசகத்தை நிறுவனத்தின் தளத்தில் இருந்து இறக்கிக்கொண்டு, அந்த பிடிஎஃப்பில் `Excl04` என்று தேடுங்கள். இந்த எண் எல்லா நிறுவனத்துக்கும் பொது, வாசகமும் ஏறக்குறைய ஒன்றேதான். அதில் இரண்டு பகுதி இருக்கும். நோயறிதலுக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே முக்கியமாகச் சேர்க்கப்பட்டால் அந்தச் செலவு கிடையாது என்பது ஒன்று. தற்போதைய நோய்க்கும் சிகிச்சைக்கும் சம்பந்தமில்லாத பரிசோதனைச் செலவு கிடையாது என்பது மற்றொன்று. முதல் பகுதியில் வரும் "மட்டுமே" என்ற சொல்தான் நமக்குப் பிடிமானம். சிகிச்சையும் நடந்தது என்று காகிதத்தில் காட்டிவிட்டால் அந்த விதி பொருந்தாது.

அடுத்து, அவர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

இதைத்தான் பலரும் செய்வதில்லை. நேராகக் கோபமாக ஒரு கடிதம் எழுதிவிடுகிறார்கள். நிறுவனத்தில் உங்கள் ஃபைலைப் பார்க்கும் டாக்டர் நோயாளியைப் பார்த்ததில்லை, அவர் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். ஆகவே அந்தச் சம்மரியை எதிராளி வக்கீல் மாதிரி ஒருமுறை படியுங்கள்.

மாமாவின் சம்மரியில் செய்யப்பட்ட சிகிச்சை என்ற இடத்தில் ஒரே வரி: "டயக்னாஸ்டிக் யூஜிஐ ஸ்கோப்பி". நோயறிய மட்டும் செய்த எண்டோஸ்கோப்பி என்று அர்த்தம். எழுதியவர் ஏதோ ட்யூட்டி டாக்டர், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த மாதிரியை எடுத்து நிரப்பியிருக்கிறார். ஆனால் எண்டோஸ்கோப்பி செய்தவர் வெளியே வந்து எங்களிடம் சொன்னது வேறு: "ரத்தக்குழாய் வெளிய தெரிஞ்சுது, கிளிப் போட்டு நிறுத்தியிருக்கேன்." இது சம்மரியில் இல்லை.

எங்கே இருந்தது தெரியுமா? பார்மசி பில்லில். பதினோரு பக்க பில், மங்கிய பிரிண்ட். நான்காம் பக்கத்தில் ஊசிக்குழாய்க்கும் பஞ்சுக்கும் நடுவே "ஹீமோகிளிப் 2", அதற்குக் கீழே "அட்ரினலின் ஊசி 1". தேதி, எண்டோஸ்கோப்பி நடந்த அதே நாள். வெறுமனே உள்ளே பார்த்துவிட்டு வருவதற்கு யாரும் கிளிப் வாங்குவதில்லை. மாமாவின் கிளெய்மைக் காப்பாற்றியது இந்த வரிதான் என்று சொல்லலாம்.

ஆகவே மருத்துவமனைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி முழு கேஸ் ஷீட்டின் நகலைக் கேளுங்கள். சம்மரி மட்டும் போதாது. நர்ஸ் சார்ட், மருந்து சார்ட், ரத்தம் ஏற்றிய பதிவு, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டின் படங்கள், லேப் ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எங்களிடம் முதலில் "எம்ஆர்டி-ல இன்னிக்கு ஆள் இல்ல, திங்கக்கிழமை வாங்க" என்றார்கள். விண்ணப்பத்தின் நகலில் சீல் போட்டுத் தரச் சொன்னதும், அன்று மாலையே ஜெராக்ஸ் கிடைத்தது.

டாக்டரிடம் வாங்க வேண்டியது ஒரு சிறு விளக்கக் கடிதம்

சம்மரி தவறாக இருக்கிறதே, மாற்றித் தரச் சொல்லலாமா என்று தோன்றும். வேண்டாம். பழைய தேதியில் திருத்திய சம்மரியைக் கொடுத்தால் நிறுவனத்திடம் ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மோசடி என்று எழுதிவிடுவார்கள், அதற்கப்புறம் எழுந்திருக்க முடியாது. இன்றைய தேதியிட்டு, "முன்பு கொடுத்த சம்மரியில் விடுபட்டது" என்று வெளிப்படையாகச் சொல்லும் தனிக் கடிதம் வாங்குங்கள். சிகிச்சை செய்த குடல் இரைப்பை நிபுணரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

டாக்டர்களுக்கு நேரம் இருக்காது. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் நான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். வரும்போது நோயாளியின் நிலை என்ன? எண்டோஸ்கோப்பியில் என்ன தெரிந்தது, என்ன செய்தீர்கள்? வீட்டுக்கு அனுப்பியிருக்க முடியுமா, ஏன் முடியாது? நான்கு நாள் ஏன் தேவைப்பட்டது?

மூன்றாவது கேள்விக்கு டாக்டர் ஒரு அளவுகோலைப் பயன்படுத்தினார், உங்கள் டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள். கிளாஸ்கோ பிளாட்ச்ஃபோர்ட் ஸ்கோர் என்று பெயர். மேல் வயிற்று ரத்தக் கசிவோடு வருபவரை அட்மிட் செய்ய வேண்டுமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யவே உருவாக்கியது, எண்டோஸ்கோப்பிக்கு முன்பே போடலாம். 0 அல்லது 1 வந்தால் புறநோயாளியாகப் பார்க்கலாம் என்பது பொதுவான வழிமுறை. அதிகபட்சம் 23. மாமா வந்தபோது ஹீமோகுளோபின் 7.4, ஆண்களுக்கு 10-க்குக் கீழ் இருந்தால் 6 புள்ளி. ரத்த யூரியா 74, அதற்கு 4. மேல் ரத்த அழுத்தம் 94, அதற்கு 2. நாடித்துடிப்பு 118, அதற்கு 1. கறுப்பு மலத்துக்கு 1. கூட்டினால் 14.

யூரியா ஏன் இதில் வருகிறது என்று எனக்கும் புரியவில்லை. குடலுக்குள் இறங்கிய ரத்தம் செரிக்கும்போது யூரியா ஏறுகிறது, கிட்னி நன்றாக இருந்தாலும் ஏறும் என்றார் டாக்டர். மாமாவின் கிரியேட்டினின் சரியாகத்தான் இருந்தது. இந்த ஸ்கோரை நீங்களே கூட்டி எழுதாதீர்கள், டாக்டரின் கடிதத்தில் வரட்டும். நீங்கள் எழுதினால் இணையத்தில் படித்துவிட்டுப் பேசுகிறார் என்பார்கள்.

நான்காவது கேள்விக்கான பதில் 72 மணி நேரம். ரத்தக்குழாய் வெளியே தெரியும் புண்ணுக்குக் கிளிப் போட்ட பிறகும், மறுபடி கசியும் ஆபத்து முதல் மூன்று நாளில்தான் அதிகம். அதனால் அந்த மூன்று நாளும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மருந்தை நரம்பு வழியாக விடாமல் ஏற்றிக்கொண்டே கண்காணிப்பார்கள். மாமாவுக்கு 11-ஆம் தேதி காலை 9.30-க்கு எண்டோஸ்கோப்பி. அதிலிருந்து 72 மணி நேரம் என்றால் 14-ஆம் தேதி காலை 9.30. 15-ஆம் தேதி காலை டிஸ்சார்ஜ். நான்கு நாள் எப்படி வந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

வரலாறு என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இதையும் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தில் கை வைக்க வேண்டும். அவசரப் பிரிவில் நள்ளிரவில் யாரோ கேட்டிருப்பார்கள், கூட வந்தவர் பதற்றத்தில் ஏதோ சொல்லியிருப்பார், அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். எங்கள் அத்தை "ரெண்டு வருஷமாவே நெஞ்செரிச்சல்னு சொல்லிட்டு இருப்பாரு" என்றிருக்கிறார். கேஸ் ஷீட்டில் "2 ஆண்டுகளாக அசிடிட்டி" என்று இருந்தது. ஒரு காரணம் தோற்றுப்போனால் நிறுவனம் அடுத்த காரணமாக இதை எடுக்கும்: முன்பே இருந்த நோய், பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டார்.

முன்பே இருந்த நோய் என்பதற்குப் பாலிசியில் ஒரு வரையறை இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது மருத்துவர் ஒருவர் சிகிச்சையோ ஆலோசனையோ கொடுத்திருக்க வேண்டும். கடையில் ஜெலுசில் வாங்கிக் குடித்தது இதில் வராது. மாமாவுக்கு இன்னொரு சாதகம், பாலிசி தொடங்கி 28 மாதம் ஆகியிருந்தது. அத்தை சொன்ன இரண்டு வருடம் என்பதே பாலிசிக்குப் பிந்தைய காலம். அதே சமயம், பாலிசிக்கு முன் உண்மையிலேயே டாக்டரிடம் அல்சருக்குப் பார்த்திருந்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், கடிதத்தில் இல்லை என்று பொய் எழுதாதீர்கள். பழைய சீட்டு ஒன்று வெளியே வந்தால் எல்லாம் போய்விடும். பாலிசி தொடர்ச்சியாக 60 மாதம் ஓடியிருந்தால் மட்டும், மோசடி தவிர வேறு எந்த மறைப்பையும் காரணம் காட்டி அவர்கள் மறுக்க முடியாது.

கடிதம்

நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்புவதாக இருந்தாலும் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். நமக்கே புரியாத வாதம் அவர்களுக்கும் புரியாது. ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இணைப்புகளுக்குக் கையால் பக்க எண் போட்டு, கடிதத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். ஃபைலைப் பார்ப்பவர் தேட வேண்டியிருந்தால் தேட மாட்டார். நான் எழுதியது கிட்டத்தட்ட இது:

> பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்
>
> பொருள்: கிளெய்ம் எண் ……, பாலிசி எண் …… நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல்
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட கிளெய்மை, பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டதாகக் கூறி Excl04 விதியின் கீழ் 09.04.2025 அன்று நிராகரித்துள்ளீர்கள். இந்த முடிவு மருத்துவமனை ஆவணங்களுக்கு முரணாக உள்ளது. முழுத் தொகையான ரூ. 1,42,650-ஐ வழங்கக் கோருகிறேன்.
>
> 11.02.2025 அதிகாலை 1.50 மணிக்கு நான் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டேன். அப்போது ரத்த அழுத்தம் 94/60, நாடித்துடிப்பு 118, ஹீமோகுளோபின் 7.4 (பக்கம் 3, 4). காலை 5.30 மணிக்கு ஹீமோகுளோபின் 6.8 ஆகக் குறைந்தது (பக்கம் 5). 6.15 மணிக்கு முதல் யூனிட் ரத்தமும் அன்று மாலை இரண்டாவது யூனிட்டும் ஏற்றப்பட்டன (பக்கம் 6, 7). அதாவது எண்டோஸ்கோப்பிக்கு மூன்று மணி நேரம் முன்பே சிகிச்சை தொடங்கிவிட்டது.
>
> காலை 9.30 மணிக்குச் செய்யப்பட்ட எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் புண்ணில் ரத்தக்குழாய் வெளியே தெரிந்தது. அட்ரினலின் ஊசி செலுத்தி, இரண்டு ஹீமோகிளிப் பொருத்தி ரத்தக் கசிவு நிறுத்தப்பட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இது விடுபட்டுள்ளது. சிகிச்சை அளித்த மருத்துவரின் விளக்கக் கடிதம் (பக்கம் 1), எண்டோஸ்கோப்பிப் படங்கள் (பக்கம் 8), அதே நாளின் பார்மசி பில் (பக்கம் 12) ஆகியவற்றைப் பார்க்கவும்.
>
> அதன்பின் 72 மணி நேரம் பான்டோபிரசோல் மருந்து நரம்பு வழியாகத் தொடர்ந்து செலுத்தப்பட்டது (பக்கம் 9, 10). இதைப் புறநோயாளியாகச் செய்ய இயலாது. சேர்க்கும்போது என் கிளாஸ்கோ பிளாட்ச்ஃபோர்ட் ஸ்கோர் 14 என மருத்துவர் பதிவு செய்துள்ளார் (பக்கம் 1).
>
> Excl04, நோயறிதலுக்காக மட்டுமே சேர்க்கப்பட்டவர்களுக்குப் பொருந்தும். நான் உயிருக்கு ஆபத்தான ரத்தக் கசிவுக்குச் சிகிச்சை பெறச் சேர்க்கப்பட்டேன். அதே விதியின் இரண்டாம் பகுதி, தற்போதைய நோய்க்குச் சம்பந்தமில்லாத பரிசோதனைகளை மட்டுமே விலக்குகிறது. என் பரிசோதனைகள் அனைத்தும் இந்த நோய்க்கானவை.
>
> கேஸ் ஷீட்டில் அசிடிட்டி பற்றிய குறிப்பு உள்ளது. பாலிசி தொடங்குவதற்கு முன் எந்த மருத்துவரும் எனக்கு அல்சர் அல்லது இரைப்பை நோய் இருப்பதாகக் கண்டறியவில்லை, சிகிச்சை அளிக்கவும் இல்லை.
>
> நிராகரிப்பை உறுதி செய்வதாக இருந்தால், கிளெய்ம் ரிவ்யூ கமிட்டியின் ஒப்புதல் பெறப்பட்ட தேதி, கருத்துக் கூறிய மருத்துவரின் குறிப்பின் நகல், எந்த ஆவணத்தின் அடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது ஆகியவற்றை எழுத்து மூலம் தெரிவிக்கவும். 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அவ்வளவுதான். இதில் எத்தனை வருடம் பிரீமியம் கட்டினேன், கடன் வாங்கிக் கட்டினேன், மகள் கல்யாணம் வருகிறது என்பதெல்லாம் இல்லை. மாமா அதையும் சேர்க்கச் சொன்னார், நான்தான் எடுத்துவிட்டேன். உண்மைதான், ஆனால் அந்த மேசையில் இருப்பவருக்கு அதை வைத்து டிக் போட ஒரு கட்டமும் கிடையாது. மணி நேரங்களைத்தான் நான் நம்பினேன். 5.30-க்கு ரத்தம் குறைந்தது, 6.15-க்கு ஏற்றினார்கள், 9.30-க்குத்தான் எண்டோஸ்கோப்பி. இந்த வரிசையைப் படித்த பிறகு "பரிசோதனைக்காக வந்தார்" என்று மறுபடி எழுதக் கொஞ்சம் கூச்சமாவது வரும்.

அசிடிட்டி பற்றி நாமே ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று கேட்கலாம். கேஸ் ஷீட்டை நாமே இணைக்கிறோம், அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் பதில் வலுவாக இருந்தது, அதனால் சொல்லிவிட்டேன். உங்கள் கேஸ் ஷீட்டில் அந்த மாதிரி வரி இல்லை என்றால் அந்தப் பத்தியே வேண்டாம்.

மது பழக்கம் பற்றிக் கேஸ் ஷீட்டில் ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. Excl12 என்ற விதி மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்குகிறது. எப்போதாவது குடிப்பவர் என்ற குறிப்பை வைத்துக்கொண்டே அல்சரை அதன் கணக்கில் தள்ளப் பார்ப்பார்கள். அப்போது புண் எதனால் வந்தது என்பதற்கு டாக்டரின் வரி வேண்டும். மாமா விஷயத்தில் வலிமாத்திரைதான் காரணம் என்று டாக்டரே எழுதியிருந்தார்.

எங்கே அனுப்புவது, எத்தனை நாள் காத்திருப்பது

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். நிறுவனத்தின் தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும், பாலிசி ஆவணத்தின் பின்பக்கத்திலும் இருக்கும். மெயிலில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். புகார் எண் வந்ததும் குறித்து வையுங்கள்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லை, அல்லது அதே மூன்று வரி திரும்பி வந்தது என்றால், ஐஆர்டிஏஐயின் bimabharosa.irdai.gov.in தளத்தில் அதே கடிதத்தையும் இணைப்புகளையும் ஏற்றுங்கள். 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒழுங்குமுறை ஆணையம் உங்கள் கிளெய்மில் தீர்ப்பு சொல்லாது, நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டுப் பதில் சொல்ல வைக்கும். ஆனாலும் நிறுவனத்துக்குள் வேறு ஒருவர் மேசைக்கு ஃபைல் போய்ச் சேரும், அதுவே சில சமயம் போதும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது, cioins.co.in தளத்திலேயே புகார் போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க அனுமதியும் இல்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான இழப்பீடு கேட்கலாம். நிறுவனத்துக்கு எழுதி அவர்கள் மறுத்திருக்க வேண்டும், அல்லது எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். இதே விவகாரத்தை நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ ஏற்கெனவே போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், அதனால் முதலில் இதைப் பார்த்துவிட்டு அங்கே போவதுதான் வசதி. ஆம்பட்ஸ்மேன் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும்.

இந்தக் கடிதம் வேலை செய்யாத இடங்கள்

இரண்டு உண்டு. நெஞ்செரிச்சல் என்று போய், நாடியும் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்து, எண்டோஸ்கோப்பி செய்து ஒரு துண்டு சதை எடுத்து அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தால், Excl04 நிஜமாகவே பொருந்தும். ஒரு இரவு படுத்ததாலேயே அது சிகிச்சை ஆகிவிடாது. மருத்துவமனைக்காரர்கள் "இன்சூரன்ஸ் இருக்கா, அப்ப அட்மிட் ஆயிடுங்க" என்று சொல்லிச் சேர்த்த கேஸ்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

இன்னொன்று காத்திருப்புக் காலம். பல பாலிசிகளில் முதல் 24 மாதத்துக்குக் கிடைக்காத நோய்களின் பட்டியலில் இரைப்பை, சிறுகுடல் அல்சரும் இருக்கும். அது Excl02. உங்கள் பாலிசி 14 மாதம்தான் ஆகிறது, பட்டியலில் அல்சர் இருக்கிறது, அதைச் சொல்லித்தான் மறுத்தார்கள் என்றால், நாடித்துடிப்பும் ஹீமோகுளோபினும் எழுதிப் பயனில்லை. அப்போது பார்க்க வேண்டியது வேறு: வேறு நிறுவனத்தில் இருந்து போர்ட் செய்து வந்தவரா, அங்கே கழித்த மாதங்களைச் சேர்த்தார்களா என்பது. அதை விட்டுவிட்டுக் கணக்கிட்டிருந்தால் அதற்கான கடிதம் தனி.

எங்களுக்குப் பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது. மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை, "கூடுதல் ஆவணங்களின் அடிப்படையில்" கிளெய்ம் ஏற்கப்பட்டது என்று ஒரு வரி. 1,36,440 ரூபாய் மாமாவின் கணக்கில் ஏறியது. கையுறை, மாஸ்க், ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் என்று 6,210 ரூபாயைக் கழித்திருந்தார்கள். வரி வரியாகப் பார்த்தேன், பாலிசியில் தர மாட்டோம் என்று போட்டிருந்த பொருட்கள்தான், அதில் சண்டை போடவில்லை. ஆனால் அந்த இரண்டு கிளிப்பையும் கழிக்கிறார்களா என்று நீங்கள் கட்டாயம் பாருங்கள், அது சிகிச்சைக்கான பொருள்.

பணம் வந்ததும் மாமா ஃபைலைக் கட்டி அலமாரியில் வைக்கப் போனார். டிஸ்சார்ஜுக்குப் பிறகு வாங்கிய மாத்திரைகள், ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்த டெஸ்ட், திரும்பக் காட்டப் போன கன்சல்டேஷன், எல்லாவற்றின் பில்லும் இன்னும் அதிலேயே கிடந்தது. மாமாவின் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான செலவு உண்டு. மெயின் கிளெய்ம் ரிஜெக்ட் ஆகியிருந்ததால் அதைப் போடவே இல்லை. தாமதத்துக்குக் காரணம் அவர்களுடைய நிராகரிப்புதான் என்று ஒரு வரி எழுதி, ஏற்புக் கடிதத்தின் நகலை மேலே வைத்து அதையும் அனுப்பினோம். 4,870 ரூபாய்.